ரஜ்ஜு பொருத்தம்: ஏன் தட்டக்கூடாது என்கிறார்கள், தட்டினால் என்ன சொல்கிறார்கள், நீங்களே பார்ப்பது எப்படி

பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது, இரண்டு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது, பையனும் பெண்ணும் பேசிவிட்டார்கள். அப்புறம் ஜோசியர் தாளை மடித்து வைத்துவிட்டு "ரஜ்ஜு தட்டுது" என்கிறார். அதோடு பேச்சு நின்றுபோகிறது. அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பலம், அது எதைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது, அதை நாமே எப்படிச் சரிபார்ப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பஞ்சாங்கத்தில் உள்ள அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில், ஏன் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை

தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. தமிழ்நாட்டில் வழக்கமாகப் பார்க்கும் பத்தும் இவைதான். இவற்றில் பெரும்பாலானவை இருவரும் சேர்ந்து எப்படி வாழ்வார்கள் என்பதைப் பற்றியவை. குணம் ஒத்துப்போகுமா, தாம்பத்தியம் எப்படி, இரண்டு குடும்பங்களின் உறவு எப்படி, ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பு இருக்குமா என்ற கேள்விகள். இவற்றில் ஒன்று குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும் என்று ஜோசியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கணம் சேரவில்லையா, ஸ்திரீ தீர்க்கம் இருந்தால் பரவாயில்லை என்பார்கள்.

ரஜ்ஜு கேட்கும் கேள்வி வேறு. அந்த வாழ்வு நீடிக்குமா என்பதுதான் அதன் கேள்வி. தாலிச் சரட்டின் பலம் என்ற பொருளில் இதை மாங்கல்யப் பொருத்தம் என்றும் சொல்வார்கள். வாழ்வு நீடிப்பதையே கேள்வியாக்கும் ஒன்றை வசியத்தாலோ யோனியாலோ ஈடுகட்ட முடியாது என்பதுதான் பழைய ஜோசியர்களின் தர்க்கம். ஒன்பது சேர்ந்து ரஜ்ஜு மட்டும் தட்டினாலும் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சமூகக் காரணமும் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணமும் இல்லை, வீட்டு நல்ல காரியங்களில் முன்னால் நிற்கும் உரிமையும் இல்லை என்றிருந்த காலத்தில் இந்த விதிகள் வேரூன்றின. பெண்ணைப் பெற்றவர்களின் மிகப் பெரிய பயம் எதுவோ, அதைத் தொடும் பொருத்தத்துக்கே மிகப் பெரிய இடம் கிடைத்தது. வட இந்தியாவில் 36 புள்ளிகள் வைத்துப் பார்க்கும் முறையில் ரஜ்ஜு என்ற பெயரே கிடையாது. அங்கே 8 புள்ளிகளோடு நாடிப் பொருத்தம்தான் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே இது தென்னாட்டு மரபின் அழுத்தம்.

படி 1: நட்சத்திரம் சரிதானா என்று உறுதி செய்யுங்கள்

ரஜ்ஜுவுக்கு லக்னம் வேண்டாம், ராசி வேண்டாம், பாதம்கூட வேண்டாம். இருவரின் பிறந்த நட்சத்திரம் மட்டும் போதும். அதனால்தான் அந்த நட்சத்திரம் தப்பாகிவிட்டால் மொத்தமும் தப்பாகிவிடுகிறது.

சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. குழந்தை பிறந்த நேரம் நட்சத்திரத்தின் நடுப்பகுதியில் விழுந்தால் கவலையில்லை. நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்திருந்தால் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நட்சத்திரமும் திருக்கணிதப் பஞ்சாங்கம் அடுத்த நட்சத்திரமும் காட்டக்கூடும். ஜாதகத்தில் நட்சத்திரத்தின் முதல் பாதம் அல்லது நான்காம் பாதம் என்று எழுதியிருந்தால், அது எந்தப் பஞ்சாங்கப்படி எழுதியது என்று கட்டாயம் கேளுங்கள். இது எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதைக் கீழே ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

படி 2: எந்த ரஜ்ஜு என்று எண்ணிக் கண்டுபிடியுங்கள்

மனித உடம்பைக் காலிலிருந்து தலைவரை ஐந்து பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை. அசுவினியில் தொடங்கி நட்சத்திரங்களை வரிசையாக இதில் ஏற்ற வேண்டும். அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிஷம் தலை. உச்சிக்குப் போயாயிற்று, இனி இறக்கம். திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம். ஒன்பது நட்சத்திரத்தில் ஒரு சுற்று முடிந்தது. அடுத்து மகத்தில் மறுபடி பாதத்திலிருந்து ஏற்றம், கேட்டையில் முடிவு. மூலத்தில் மூன்றாம் சுற்று, ரேவதியில் முடிவு. மூன்று சுற்றில் 27 நட்சத்திரமும் அடங்கிவிடும்.

எண்ணி முடித்தால் கிடைப்பது இதுதான்:

- பாத ரஜ்ஜு: அசுவினி, ஆயில்யம், மகம், கேட்டை, மூலம், ரேவதி
- தொடை ரஜ்ஜு: பரணி, பூசம், பூரம், அனுஷம், பூராடம், உத்திரட்டாதி
- வயிறு (உதர, நாபி என்றும் சொல்வார்கள்): கார்த்திகை, புனர்பூசம், உத்திரம், விசாகம், உத்திராடம், பூரட்டாதி
- கழுத்து (கண்ட ரஜ்ஜு): ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம்
- தலை (சிரசு ரஜ்ஜு): மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம்

தலையில் மட்டும் மூன்றுதான், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் உச்சி ஒரு முறைதான் வருகிறது. மற்ற நான்கிலும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று.

இருவரும் ஒரே பகுதியில் விழுந்தால் ரஜ்ஜு தட்டுகிறது, வெவ்வேறு பகுதியில் இருந்தால் பொருந்துகிறது. ஏதோ அபூர்வமாக நடப்பது என்று இதை நினைக்க வேண்டாம். எல்லா நட்சத்திரமும் சமமாக வருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், எந்த இரண்டு ஜாதகத்தை எடுத்தாலும் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் தட்டும். வரன் தேடும் ஒவ்வொரு வீட்டிலும் இது பல முறை வந்தே தீரும்.

படி 3: எந்தப் பகுதியில் தட்டுகிறது, அதற்கு என்ன சொல்கிறார்கள்

மரபாகச் சொல்லிவரும் பலன்கள் கடுமையானவை. தலையில் தட்டினால் கணவனின் ஆயுளுக்குக் கெடுதல். கழுத்தில் தட்டினால் மனைவியின் ஆயுளுக்குக் கெடுதல். வயிற்றில் தட்டினால் பிள்ளைப்பேற்றில் தடை அல்லது பிள்ளைகளுக்குக் கஷ்டம். தொடையில் தட்டினால் பொருள் நஷ்டம், வறுமை. பாதத்தில் தட்டினால் ஓரிடத்தில் நிலைக்காமல் அலைச்சல், பயணத்தில் தொல்லை, பிரிந்து வாழ நேர்தல்.

உடம்பில் மேலே போகப் போகக் கடுமை கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த வரிசையை வைத்துத்தான் நடைமுறையில் ஜோசியர்கள் நெகிழ்கிறார்கள். தலைக்கும் கழுத்துக்கும் யாரும் எளிதில் இறங்கிவருவதில்லை. தொடையும் பாதமும் தட்டினால், மற்ற பொருத்தங்களும் ஜாதகமும் நன்றாக இருந்தால் சேர்க்கலாம் என்று சொல்பவர்கள் பலர் உண்டு. வயிறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே "ரஜ்ஜு தட்டுது" என்று சொன்னால், எது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரஜ்ஜு ஒரு பெண்ணிடமோ ஒரு பையனிடமோ இருக்கும் தோஷம் இல்லை. செவ்வாய் தோஷத்தைத் தனி ஜாதகத்தில் பார்க்கிறார்கள், ரஜ்ஜுவை இரண்டு ஜாதகங்களுக்கு இடையில்தான் பார்க்க முடியும். "அந்தப் பொண்ணுக்கு ரஜ்ஜு தோஷமாம்" என்று ஊரில் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். மிருகசீரிஷத்தில் பிறந்த பெண்ணுக்கு மூன்று நட்சத்திரக்காரர்களோடு மட்டும்தான் தட்டும், மீதி 24 நட்சத்திரத்தோடும் ரஜ்ஜு சேரும். தலை ரஜ்ஜு என்ற பெயரைக் கேட்டுப் பயந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. மற்ற ரஜ்ஜுகளில் பிறந்தவர்களுக்கு ஆறு நட்சத்திரம் தட்டும், இவர்களுக்குப் பாதிதான்.

படி 4: ஏற்றமா இறக்கமா என்று பாருங்கள்

படி 2-இல் எண்ணிய ஏற்றத்துக்கு ஆரோகணம் என்றும் இறக்கத்துக்கு அவரோகணம் என்றும் பெயர். இருவரும் ஒரே ரஜ்ஜுவில் இருந்து, ஒருவர் ஏற்றத்திலும் மற்றவர் இறக்கத்திலும் இருந்தால் தோஷம் தணிகிறது, மத்திமமாக ஏற்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. இருவரும் ஏற்றத்திலேயே அல்லது இறக்கத்திலேயே இருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்பார்கள். தலை ரஜ்ஜுவில் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது, அதனால் அங்கே இந்தச் சலுகைக்கு இடமில்லை. இந்த விலக்கை அறவே ஏற்காத ஜோசியர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஆனால் விலக்கை ஏற்பவர்களும் உடனே அடுத்த படியைப் பார்க்க வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படி 5: வேதையைச் சேர்த்துப் பாருங்கள்

வேதை என்பது ஒன்றையொன்று தாக்கும் நட்சத்திர இணைகள். அசுவினிக்குக் கேட்டை, பரணிக்கு அனுஷம், கார்த்திகைக்கு விசாகம், ரோகிணிக்குச் சுவாதி, திருவாதிரைக்குத் திருவோணம், புனர்பூசத்துக்கு உத்திராடம், பூசத்துக்குப் பூராடம், ஆயில்யத்துக்கு மூலம், மகத்துக்கு ரேவதி, பூரத்துக்கு உத்திரட்டாதி, உத்திரத்துக்குப் பூரட்டாதி, அஸ்தத்துக்குச் சதயம். மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம் மூன்றும் தங்களுக்குள் வேதை.

இந்தப் பட்டியலை மேலே உள்ள ரஜ்ஜு பட்டியலோடு வைத்துப் பாருங்கள். எல்லா இணையும் ஒரே ரஜ்ஜுவுக்குள்தான் இருக்கிறது. அதாவது ரஜ்ஜு சேர்ந்துவிட்டால் வேதையும் தானாகவே சேர்ந்துவிடும், அதைத் தனியாகப் பார்க்கவே வேண்டாம். ரஜ்ஜு தட்டும்போதுதான் வேதைக்கு வேலை வருகிறது.

அதைவிட முக்கியமான விஷயம் இது. தலையை விட்டுவிட்டால், மற்ற 12 இணைகளிலும் ஒன்று ஏற்றம், மற்றது இறக்கம். ஆகவே ஏற்ற இறக்க விலக்கைச் சொல்லி ஒரு வரனைச் சேர்க்கும்போது அது வேதையில் மாட்ட வாய்ப்பிருக்கிறது. ரோகிணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கழுத்தில் ஏற்றம். கழுத்தில் இறக்கமாக இருப்பவை திருவாதிரை, சுவாதி, சதயம். இவற்றில் சுவாதி வேதை, அதனால் விலக்கு உதவாது. மிச்சம் திருவாதிரையும் சதயமும்தான். தலையைத் தவிர மற்ற எல்லா நட்சத்திரத்துக்கும் இதே கணக்கு: எதிர்ப்பக்கத்தில் உள்ள மூன்றில் ஒன்று வேதையில் போய்விடும், இரண்டுதான் மிஞ்சும்.

இருவருக்கும் ஒரே நட்சத்திரமாக இருந்தால் என்ன செய்வது? அப்போது ரஜ்ஜு எப்படியும் ஒன்றுதான். அதற்கென்று ஏக நட்சத்திரம் என்ற தனி விதி இருக்கிறது. ரோகிணி, திருவாதிரை, மகம், அஸ்தம், விசாகம், திருவோணம், உத்திரட்டாதி, ரேவதி ஆகிய எட்டும் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் உத்தமம் என்று பஞ்சாங்கங்கள் சொல்கின்றன. அங்கே ரஜ்ஜுவைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை.

ஓர் உதாரணம்

பெண் ரோகிணி இரண்டாம் பாதம், ரிஷப ராசி. பையன் பிறந்தது அதிகாலை 2.10. வீட்டில் வைத்திருக்கும் பழைய ஜாதகம் வாக்கியப்படி எழுதியது. அதன்படி அன்று திருவோணம் 3.20 வரை இருக்கிறது, ஆகவே பையன் திருவோணம் நான்காம் பாதம், மகர ராசி. ரோகிணியும் திருவோணமும் கழுத்து ரஜ்ஜு. எண்ணிப் பார்த்தால் ரோகிணி முதல் சுற்றில் நான்காவது, திருவோணம் மூன்றாம் சுற்றில் நான்காவது. இரண்டும் ஏற்றம். விலக்குக்கு வழியில்லை. இந்த வரன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அதே நேரத்தைத் திருக்கணிதத்தில் போட்டால் திருவோணம் 1.50-க்கே முடிந்துவிட்டது என்று வருகிறது. பையன் அவிட்டம் முதல் பாதம். ராசி அப்போதும் மகரம்தான், அதனால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் அவிட்டம் தலை ரஜ்ஜு. ரோகிணியோடு ரஜ்ஜு சேர்கிறது, வேதையும் இல்லை.

எது சரி என்று கடந்த வாழ்க்கையை வைத்துத் தீர்மானிக்கலாமே என்று தோன்றும். இந்த உதாரணத்தில் அதுவும் எளிதில்லை. திருவோணத்துக்குச் சந்திர தசை, அவிட்டத்துக்குச் செவ்வாய் தசை. வாக்கியப்படி பிறக்கும்போது சந்திர தசையில் ஏறக்குறைய ஆறு மாதம் மீதி, அப்புறம் 7 வருடம் செவ்வாய். திருக்கணிதப்படி செவ்வாய் தசை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இரண்டு கணக்குக்கும் அதற்கடுத்த தசைகளெல்லாம் ஏழு மாதம் முன்பின்னாக வருமே தவிர வேறு வித்தியாசம் இல்லை. அதை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் கருத்தில் சரியான வழி ஒன்றுதான். இரண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்துக்கொள்ளுங்கள். எந்தப் பஞ்சாங்கம் என்பதை வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வரன் பிடித்தால் ஒன்று, பிடிக்காவிட்டால் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டால் பொருத்தம் பார்ப்பதற்கே அர்த்தமில்லை.

எல்லை நேரத்தில் பிறந்த எல்லோருக்கும் இப்படி ரஜ்ஜு மாறும் என்றும் சொல்ல முடியாது. ஆயில்யத்துக்கும் மகத்துக்கும் இடையில், கேட்டைக்கும் மூலத்துக்கும் இடையில், ரேவதிக்கும் அசுவினிக்கும் இடையில் பிறந்தால் இரண்டு பக்கமும் பாத ரஜ்ஜுதான். சுற்று முடிந்து சுற்று தொடங்கும் இடங்கள் அவை. மற்ற எல்லா எல்லையிலும் ரஜ்ஜு மாறிவிடும்.

படி 6: ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டியலைத் தசாநாதனை வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தலையில் உள்ள மூன்றும் செவ்வாயின் நட்சத்திரங்கள். கழுத்தில் சந்திரனும் ராகுவும், வயிற்றில் சூரியனும் குருவும், தொடையில் சுக்கிரனும் சனியும், பாதத்தில் கேதுவும் புதனும். ஒரே தசாநாதன் கொண்ட இருவர் எப்போதும் ஒரே ரஜ்ஜுவில்தான் விழுவார்கள்.

இதிலிருந்து சில ஜோசியர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். தலை ரஜ்ஜுவில் பையனுக்குப் பிறக்கும்போது செவ்வாய் தசை 5 வருடம் மீதி, அவனைவிட 3 வயது இளைய பெண்ணுக்கு 2 வருடம் மீதி என்று வைத்துக்கொள்வோம். பையனின் 5 வயதில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ராகு தசை தொடங்கும். 18 வருடம் கழித்து ஒன்றாகக் குரு தசை. அதிலிருந்து 16 வருடம் கழித்து, அவனுக்கு 39, அவளுக்கு 36 ஆகும்போது, ஒன்றாகச் சனி தசை. இதைத்தான் தசா சந்தி என்கிறார்கள். ஒருவருக்குக் கெட்ட காலம் வரும்போது மற்றவருக்கும் அதுவே என்றால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஏற்கும்படியான விளக்கமாகப் படுகிறது. ஆனால் இது பாதிதான் விளக்குகிறது. ரோகிணிக்கும் சதயத்துக்கும் தொடக்கத் தசை ஒன்றில்லை, ஆனாலும் ரஜ்ஜு தட்டுகிறது. ஒரே தசாநாதனாக இருந்தும் மீதியும் வயது வித்தியாசமும் இப்படி ஒத்துவராவிட்டால் சந்தியும் வராது. ஆகவே ரஜ்ஜு தட்டும்போது தசா சந்தியைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

படி 7: தட்டினால் அடுத்து என்ன

நட்சத்திரப் பொருத்தம் சந்திரன் நின்ற இடத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது. ஆயுள், மாங்கல்யம், பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளுக்கு ஜோதிடத்திலேயே ஜாதகத்தின் 5, 7, 8-ஆம் வீடுகள் இருக்கின்றன. பெண் ஜாதகத்தில் 8-ஐ மாங்கல்ய ஸ்தானம் என்றே சொல்கிறார்கள். ரஜ்ஜு தட்டுகிறது என்றதும் நல்ல ஜோசியர் இந்த வீடுகளைத் திறந்து பார்ப்பார். கழுத்து ரஜ்ஜு தட்டினாலும் இருவர் ஜாதகத்திலும் ஆயுள் பலம் திடமாக இருந்தால் அதைச் சொல்வார். தட்டுகிறது என்பதோடு நிறுத்தி உடனே பரிகாரத்துக்கு ஒரு தொகை சொல்பவரிடம் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. பழைய முறைக்காரர்கள் தலை ரஜ்ஜுவுக்குப் பரிகாரம் சொல்வதில்லை, ஒன்று சேர்க்காதே என்பார்கள், அல்லது ஜாதகத்தைப் பார்த்துச் சேர் என்பார்கள்.

பிறந்த நேரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் பிடித்துப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் உண்டு. அதில் ரஜ்ஜு தட்டினால் பெயரை மாற்றி ரஜ்ஜுவைச் சேர்த்துவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். பெயர் நட்சத்திரம் ஓர் ஊகம், அதில் தட்டுவதற்காக நல்ல வரனை விடுவதும் சரியில்லை, எழுத்தை மாற்றி நிம்மதி அடைவதும் சரியில்லை.

கல்யாணம் முடிந்து, பிள்ளைகளும் பிறந்த பின் யாரோ பார்த்து "உங்களுக்கு ரஜ்ஜு தட்டுதே" என்று சொல்லி நிம்மதி இழந்தவர்கள் உண்டு. பொருத்தம் என்பது சேர்க்கும் முன் பார்ப்பது. சேர்ந்த பின் அதைத் தோண்டி எடுப்பதற்கு மரபிலும் இடமில்லை. ஒரு சாவுக்குப் பின்னால் ரஜ்ஜுவைத் தேடி, உயிரோடு இருப்பவர்மேல், அதிலும் பெண்மேல், பழி போடுவது இன்னும் கொடுமை. ஐந்தில் ஒரு ஜோடிக்குத் தட்டும் ஒன்று என்பதால், பொருத்தமே பார்க்காமல் மணந்து நீண்ட நாள் வாழ்ந்தவர்களிலும் ஏராளமானோருக்கு அது தட்டியிருக்கும். தாத்தா பாட்டியின் நட்சத்திரம் தெரிந்தால் மேலே சொன்னபடி எண்ணிப் பாருங்கள்.